வெயில் கூட்டிச் சொல்லும் வயது

கேள்வி: "முகத்தை எப்படி மறைத்தாலும் கையும் கழுத்தும் வயதைக் காட்டிக் கொடுத்துவிடும் என்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் கை, கழுத்து, நிற்கும் விதம் இவற்றை மட்டும் பார்த்து வயதைச் சொல்ல முடியுமா? வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்துமா?"

பத்து வருட அகலத்தில் சொல்லலாம். "45க்கும் 55க்கும் நடுவில் இருக்கும்" என்கிற அளவுக்கு. அதற்கும் அவர் என்ன வேலை செய்தார், எந்த ஊர் வெயிலில் செய்தார் என்று ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் சொன்னால் பதினைந்து வருடம்கூடத் தவறிப்போகும், பெரும்பாலும் கூட்டித்தான் சொல்வோம். நான் தோல் மருத்துவர். கடலோர மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அங்கே தோல் நோயாளிகளோடு, பிறந்த தேதி தெரியாமல் வயதுச் சான்று கேட்டு வருகிறவர்களையும் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே இந்தக் கேள்வியை நான் வேடிக்கையாக எதிர்கொண்டதில்லை, என் கையெழுத்துக்குக் கீழே ஒரு எண் போட வேண்டிய வேலையாகவே அது இருந்தது.

முதலில் ஒரு விஷயம். எக்ஸ்ரே எடுத்தால் வயது துல்லியமாகத் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வளரும் பிள்ளைகளுக்குத்தான் அது ஓரளவு சரி. எலும்பு முனைகள் ஒன்றுசேரும் பருவத்தை வைத்துச் சொல்லும்போதுகூட இரண்டு பக்கமும் இரண்டு வருடம் தவறலாம் என்று உச்ச நீதிமன்றமே 1982ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. கடைசியாகச் சேர்வது கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பின் உள்முனை, அதுவும் இருபதுகளின் நடுவில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எலும்பும் பல்லும் தேய்மானத்தைத்தான் காட்டும், வருடக் கணக்கைக் காட்டாது. முப்பது தாண்டிய ஒருவரின் வயதை, உடம்பை மட்டும் பார்த்து ஒரே எண்ணாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

தோலுக்கு வருவோம். தோலில் இரண்டு வகை மூப்பு ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒன்று வயதால் வருவது. தோலின் உள் அடுக்கில் கொலாஜன் என்ற நார் இருக்கிறது, தோலுக்குக் கட்டுமானம் தருவது அதுதான். பெரியவர்களுக்கு இது வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற முதல் சில வருடங்களில் இன்னும் வேகமாகக் குறையும். இப்படி மட்டும் மூப்படைந்த தோல் மெல்லியதாக, உலர்ந்து, வெங்காயச் சருகு போல நுண்ணிய சுருக்கத்தோடு இருக்கும், ஆனால் நிறம் சீராக இருக்கும். இன்னொன்று வெயிலால் வருவது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களில் பி வகை மேல் அடுக்கோடு பெரும்பாலும் நின்றுவிடும், தோல் கன்றிப்போவது அதனால்தான். ஏ வகை உள் அடுக்கு வரை இறங்கும். இறங்கி, கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடும். வெட்டப்பட்ட இடத்தில் உடம்பு புதிது போடும், ஆனால் முன்பு இருந்த ஒழுங்கில் போடாது. வருடக்கணக்கில் இப்படி வெட்டியும் ஒட்டியும், மீள்தன்மை தரும் எலாஸ்டின் நார்கள் உருக்குலைந்து கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். வெயிலால் மூத்த தோல் அதனால் தடித்து, சொரசொரப்பாக, ஆழமான கோடுகளோடு, நிறம் திட்டுத்திட்டாக இருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள உங்கள் உடம்பே போதும். சட்டைக் கையைச் சுருட்டி, மேல் கையின் உட்புறத்தை, அக்குளுக்கு ஒரு சாண் கீழே, பாருங்கள். அப்புறம் முழங்கைக்குக் கீழே வெளிப்புறத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்த தோல். உட்புறம் காட்டுவது ஏறக்குறைய உங்கள் வயது, வெளிப்புறம் காட்டுவது வயதும் வெயிலும் சேர்ந்த கூட்டுத்தொகை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வெயிலின் பங்கு. கடிகாரம் கட்டும் பழக்கம் உள்ளவர் என்றால் வாரைக் கழற்றச் சொன்னால் இன்னும் தெளிவாகத் தெரியும், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயது. வயது கணிக்கும் வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றில் எதை முதலில் சொல்வீர்கள் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: வெயில் பட்ட இடத்தைத் தனியாகப் பார்த்து எதையும் சொல்லக்கூடாது, அதே உடம்பில் மறைந்திருந்த இடத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் புகைப்படம் 2012ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அந்த ஊரில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவருடைய முகத்தின் இடப்பாதி தடித்து, வரப்பு வரப்பாகச் சுருங்கித் தொங்கியது. வலப்பாதி அந்த வயதுக்கு இயல்பாக இருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடி பி வகைக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், ஏ வகையை உள்ளே விட்டுவிடும், அந்தக் கதிர் வந்த பக்கம்தான் அப்படி ஆனது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார், கண்ணாடியையும் பெரும்பாலும் இறக்கித்தான் வைத்திருப்பார். இருபது முப்பது வருடம் பேருந்தோ லாரியோ ஓட்டிய யாரையாவது இரண்டு முன்னங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் விளிம்பில் கிடந்த வலக்கை கறுத்து, தோல் தடித்து இருக்கும். கியர் போட்ட இடக்கை அவருடைய தம்பியின் கை போல இருக்கும்.

இனி கையை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். பலரும் சுருக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் சுருக்கத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் புறங்கையில், விரல்களை அசைக்கும் நாண்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தைப் பார்ப்பேன். சின்ன வயதில் அங்கே தோலுக்கு அடியில் மெல்லிய கொழுப்புப் படலம் நிரவி இருப்பதால் புறங்கை ஒரே மேடாகத் தெரியும். நாற்பதுகளில் அது கரையத் தொடங்கும், ஐம்பது அறுபதில் நாண்கள் கம்பி போலத் தனித்தனியாக எழுந்து நிற்கும், நாம் நரம்பு என்று சொல்லும் பச்சை ரத்தக்குழாய்கள் முண்டுமுண்டாகத் தெரியும். அடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை. இரண்டு விரலையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னால் இளம் வயதில் அங்கே ஒரு குமிழ் எழும். வயதானால் குமிழுக்குப் பதிலாகக் குழி விழும். இது வெயிலுக்குச் சம்பந்தமில்லாத அடையாளம் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். மூன்றாவது, விரல் நுனிக்கு முந்தைய மூட்டில், நகத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும் கடலைப் பருப்பு அளவுக்கு எலும்பு முண்டு. இது பெரும்பாலும் 45 தாண்டிய பெண்களுக்கு வருவது, பத்து விரலில் மூன்று நான்கில் இருந்தால் முப்பதுகளில் இருப்பவர் என்று நான் சொல்ல மாட்டேன். நகத்தில் நெடுக்காக ஓடும் மெல்லிய வரிகளும் வயதோடு கூடும்.

கடைசியாகத்தான் தோல். புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி இரண்டு விநாடி பிடித்து விட்டால், இருபது வயதில் விட்டவுடன் படிந்துவிடும். எழுபதில் சில விநாடி கூடாரம் போல அப்படியே நிற்கும். ஆனால் வயிற்றுப்போக்கு வந்து நீர் வற்றிய குழந்தைக்கும் அப்படித்தான் நிற்கும், வெயிலில் வேலை முடித்துத் தண்ணீர் குடிக்காமல் வந்தவருக்கும் நிற்கும். உடம்பு ஒல்லியாக இருந்தால் முப்பது வயதிலேயே நாண்கள் தெரியும். கனமான வேலை செய்யும் இளைஞனுக்கு நரம்பு புடைத்துத்தான் இருக்கும், அதையும் முதுமையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் இளைஞனின் நரம்பு உடனே அடங்கித் தோல் சமமாகிவிடும், வயதானவருக்கு நரம்பு அடங்கினாலும் பள்ளம் மிஞ்சும். இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கட்டைவிரல் சதைக் குழி ஒரு கையில் மட்டும் இருந்தால், அல்லது சின்ன வயதிலேயே இருந்தால், அது வயதின் அடையாளமே கிடையாது. முழங்கை வழியாக ஓடும் நிஜ நரம்பு, ரத்தக்குழாய் அல்ல, பாதிக்கப்பட்டிருக்கலாம், நம் ஊரில் தொழுநோயாகவும் இருக்கலாம். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்டு, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர் அவர்.

இணையத்தில் கிடைக்கும் "கையைப் பார்த்து வயது கண்டுபிடிப்பது" வகைக் குறிப்புகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்டவை. புறங்கையில் பழுப்புப் புள்ளிகள், மெல்லிய கோடுகள், மஞ்சள் படர்ந்த தோல் என்று அவற்றில் இருப்பதை நம் ஆட்களிடம் தேடினால் ஏமாந்துபோவோம். தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் தமிழர்கள் பெரும்பாலும் 4 முதல் 6க்குள் வருகிறோம். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தோலை வைத்து அளந்தபோது, மேல் அடுக்கைத் தாண்டி உள்ளே இறங்கும் புற ஊதாக் கதிர் வெள்ளைத் தோலில் இறங்குவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. நம் தோல் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அதனால் சுருக்கம் நமக்குப் பல வருடம் தள்ளித்தான் வரும். வெயிலின் வேலை நம் தோலில் முதலில் நிறமாகத்தான் தெரியும்: கன்னத்தில் மங்கு, நெற்றி ஓரம் கறுப்பது, முன்னங்கை கரியேறுவது, கன்னத்திலும் கழுத்திலும் கடுகு ஒட்டியது போலச் சின்னச் சின்னக் கறுப்பு மருக்கள். இந்த மருக்கள் வயதோடு எண்ணிக்கையில் கூடும் என்பது உண்மை, ஆனால் குடும்பவாகு உள்ளவர்களுக்கு இருபதிலேயே வரும். இதை வைத்து வயதைச் சொன்னால் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே வயது வந்து நிற்கும்.

வெயிலைத் தடுத்தால் கைத்தோல் உண்மையில் மாறுமா என்பதற்கு நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில், 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வு அது. 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரில் ஒரு பிரிவினரைத் தினமும் சன்ஸ்க்ரீன் தடவச் சொன்னார்கள், மற்றவர்களை அவரவர் வழக்கப்படி விட்டுவிட்டார்கள். தொடக்கத்திலும் நாலரை வருடம் கழித்தும் புறங்கையில் சிலிக்கான் அச்சு எடுத்து, தோலின் கோடுகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். குழந்தையின் புறங்கையில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் சின்ன முக்கோணங்களாக ஓடும். வெயில் தின்ற கையில் அந்த வலை அழிந்து ஒரே திசையில் ஆழமான சால்கள் மட்டும் மிஞ்சும். தினமும் தடவியவர்களுக்கு இந்த மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், ஆகவே அந்த 24 என்ற எண்ணை நமக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கோட்டு வலை அழிவதை மட்டும் நம் கைகளிலும் நான் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். உங்கள் போன் கேமராவைப் புறங்கைக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாலே தெரியும்.

கழுத்தில் மக்கள் முதலில் பார்ப்பது குறுக்கே ஓடும் கோடுகளை. அவற்றுக்கும் வயதுக்கும் அவ்வளவு தொடர்பில்லை, கைக்குழந்தைக்கே இருக்கும், கழுத்து அமைப்பாலும் வரும். நான் பார்ப்பது தாடைக்கு நேர் கீழே இருக்கும் இடத்தை. தாடையின் நிழல் எப்போதும் விழுவதால் அங்கே வெயில் படாது, மேல் கையின் உட்புறம் போலவே அதுவும் ஒரு சாட்சி. அந்த நிழல் இடத்துத் தோலும் கழுத்தின் பக்கவாட்டுத் தோலும் நிறத்திலும் தடிப்பிலும் வெகுவாக மாறுபட்டால், நம் முன்னால் இருப்பவர் வெயில் மனிதர், தோற்றத்திலிருந்து வருடங்களைக் கழித்துத்தான் சொல்ல வேண்டும். நிழல் இடமே தொளதொளத்து, பேசும்போது தாடையிலிருந்து காறை எலும்பு வரை இரண்டு கயிறுகள் விறைத்து நின்றால் அது வயதின் வேலை, பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல். திடீரென்று இருபது கிலோ குறைத்தவருக்கும் கழுத்து தொங்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பிடரியில் வேறு கதை. குனிந்தே வேலை செய்யும் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் பிடரித் தோல் தடித்து, காய்ந்த ஏரிப் படுகை போலக் கட்டம் கட்டமாகப் பிளந்திருக்கும். இது முழுக்க வெயில் செய்வது. நாற்பது வயது மீனவரிடம் இதைப் பார்த்துவிட்டு அறுபது என்று சொன்ன இளம் டாக்டர்கள் உண்டு. அப்புறம், பிடரியில் வெல்வெட் போலக் கறுப்பாகத் தடித்திருந்தால் அது வயதும் இல்லை, வெயிலும் இல்லை, அழுக்கும் இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். இப்போது பள்ளிப் பிள்ளைகளிடமே அதிகம் பார்க்கிறோம், சர்க்கரை பார்க்கச் சொல்ல வேண்டும்.

நிற்கும் விதம் மூன்றிலும் எனக்கு அதிகம் உதவியது, ஏனென்றால் அதை வெயில் தொடுவதில்லை. நாற்பதுக்குப் பிறகு முதுகெலும்பின் தட்டுகள் தேய்ந்து, மேல் முதுகின் வளைவு கூடும். அமெரிக்காவில் ஒரே ஆட்களை வருடக்கணக்கில் அளந்து பார்த்ததில், 30 வயதிலிருந்து 70 வயதுக்குள் ஆண்கள் சராசரியாக 3 செ.மீ., பெண்கள் 5 செ.மீ. உயரம் குறைந்திருந்தார்கள். கை எலும்புகள் அப்படிக் குறுகாது. ஆகவே இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்தால், அவருடைய இளமைக்கால உயரம் ஓரளவு கிடைத்துவிடும். அதோடு இன்றைய உயரத்தை ஒப்பிட்டால் எவ்வளவு குறைந்திருக்கிறார் என்று தெரியும். ஓரிரண்டு செ.மீ. வித்தியாசம் இயல்பிலேயே இருக்கும், ஆறு ஏழு என்றால் யோசிக்க வேண்டும். டேப் இல்லையென்றால் சுவர் போதும். குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்கச் சொல்லி, நேராகப் பார்க்கச் சொன்னால், பின்மண்டை சுவரைத் தொட வேண்டும். கூன் விழுந்தவருக்குத் தொடாது, நடுவில் இரண்டு விரலோ நான்கு விரலோ இடைவெளி விழும்.

இதிலும் தவறு நேரும் இடங்கள் இருக்கின்றன. நாற்று நட்டே வாழ்ந்த பெண்கள் இடுப்பிலிருந்து வளைந்து நடப்பார்கள், சுவரில் சாய்த்தால் மேல் முதுகு நேராக இருக்கும், மண்டை தொடும். அது உழைப்பின் வளைவு. கூன் ஒரே இடத்தில் கூர்மையாக முட்டிக்கொண்டு நின்றால் முதுகெலும்புக் காசநோய் வந்து போன தடமாக இருக்கலாம். முப்பது வயது ஆணுக்கு முதுகு மரக்கட்டை போல விறைத்து வளைந்திருந்தால் அது மூட்டுவாத நோய். தூரத்திலிருந்து, தொடாமல், ஒருவரைப் பார்க்கும்போது நான் கவனிப்பது அவர் எழுந்திருக்கும் விதத்தை. பேருந்து நிலைய பெஞ்சிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் ஒரே வீச்சில் எழுந்து, நிற்காமல் அப்படியே நடையைத் தொடங்குகிறவர், தோல் எப்படி இருந்தாலும், அறுபதைத் தாண்டியிருப்பார் என்று எளிதில் சொல்ல மாட்டேன். முதலில் தொடையில் கை ஊன்றி, எழுந்து ஒரு கணம் நின்று நிதானித்துப் பிறகு நடப்பவருக்கு வயது கூட இருக்கலாம், முழங்கால் மட்டும் தேய்ந்தும் இருக்கலாம். இதில் என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது முதல் பாதி மட்டும்தான்.

2019 தொடக்கத்தில், கஜா புயல் அடித்துச் சில மாதம் ஆகியிருந்த நேரம். உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா முதியோர் உதவித்தொகைக்காக வயதுச் சான்று கேட்டு வந்தார். பிறப்புச் சான்று இல்லை, பள்ளிக்கூடம் போகவில்லை, ஆதாரில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட வருடம். உதவித்தொகைக்கு 60 ஆகியிருக்க வேண்டும். கதவைத் திறந்து உள்ளே வந்தபோது என் மனசில் விழுந்த எண் 65. முகம் கறுத்து வரி வரியாக இருந்தது. பாத்தியில் உப்பு வாருகிறவர்களுக்கு வெயில் மேலிருந்து மட்டும் விழுவதில்லை, வெள்ளை உப்பிலும் நீரிலும் பட்டுக் கீழிருந்தும் ஏறும். தாடைக்குக் கீழே நிழல் இருக்க வேண்டிய இடமே அவருக்குக் கறுத்திருந்தது, ஆகவே அந்தச் சாட்சி இவரிடம் செல்லாது. புறங்கையில் கோட்டு வலை அழிந்து நீளச் சால்கள்தான் மிஞ்சியிருந்தன. வேலை செய்யும்போது புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொள்வாராம், மணிக்கட்டில் சட்டைக்கை முடிந்த இடம் கோடு கிழித்தது போலத் தெரிந்தது.

ரவிக்கைக் கையைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன். மேல் கையின் உட்புறம் சீரான மாநிறம், கிள்ளி விட்டால் உடனே படிந்தது, வெங்காயச் சருகுச் சுருக்கம் துளியும் இல்லை. கட்டைவிரலைச் சேர்த்துப் பிடித்தபோது குழி விழவில்லை, நல்ல குமிழ். விரல் மூட்டுகளில் ஒன்றில் மட்டும் லேசான முண்டு. சுவரில் நிற்க வைத்தேன், மண்டை சட்டென்று தொட்டது. உயரம் 149 செ.மீ., விரித்த கை 151. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது என்றார். நம் நாட்டுப் பெண்களுக்கு அது பெரும்பாலும் 46, 47ஐ ஒட்டி நடப்பது. வெயில் தொட்ட ஒவ்வோர் இடமும் 65 என்றது, தொடாத இடமெல்லாம் 50ஐச் சுற்றியே நின்றது.

இப்படி வரும்போது நான் ஊர் நினைவு வைத்திருக்கும் சம்பவங்களைக் கேட்பேன். கடலோரத்தில் அதற்குப் பஞ்சமில்லை, புயல்தான் அங்கே காலண்டர். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயல் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்காதா டாக்டரம்மா. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் எனக்கு முன்பல்லு விழுந்துச்சு. எங்கம்மா சாணியில உருட்டிக் கூரை மேல போடச் சொன்னாங்க, போட்டேன். புயல்ல கூரையே போயிடுச்சு. என் பல்லு எங்க போச்சோன்னு நான் அழுதேன், அதுக்கு அடி வாங்கினேன்" என்றார். பால்பல்லில் முன்பற்கள் விழுவது ஆறிலிருந்து எட்டு வயதுக்குள். அப்படியானால் பிறந்தது 1969 முதல் 1971க்குள், அன்றைக்கு அவருக்கு 47லிருந்து 49, மிஞ்சினால் 50.

அந்த அம்மாவின் கையை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், சான்றில் 48லிருந்து 52க்குள் என்றுதான் எழுத முடிந்தது. உப்பில் முப்பது வருடம் நின்ற தோலுக்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை. விசாரித்ததில் கணவர் முந்தைய வருடம் கடலில் போய்விட்டார் என்று தெரிந்தது. ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகைக்கு 60 ஆகியிருக்க வேண்டிய அவசியமில்லை, அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லி, என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையை எதிலும் ஊன்றாமல் ஸ்டூலிலிருந்து எழுந்து, நேராக நடந்து போனார்.